பில் கையில் இருந்தும் இன்புட் வராதது ஏன்? காரைக்குடிக் கடையின் ஒரு மாதக் கணக்கு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கடையிலேயே உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால், அது பெயின்ட் கலக்குகிற மெஷின்.

போன வீடியோவுக்கு வந்த கேள்வியில் பாதி ஒன்றேதான்: "சரக்கு வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டியாச்சு, விற்கும்போது மறுபடியும் ஏன் கட்டணும்?" ஒரு மாதக் கணக்கை அப்படியே சொல்கிறேன். கூட்டிக் கழிக்க வசதியாக எண்களை முழுசாக்கியிருக்கிறேன்.

அக்டோபர் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரைத் தொட மாட்டார்கள். கதவு, நிலை, ஜன்னலுக்கு வார்னிஷ், புதுசாகக் கட்டிய பகுதிக்குப் பெயின்ட் என்று தீபாவளி வரை ஓட்டம்தான். அந்த மாத விற்பனை 3 லட்சம். எல்லாம் உள்ளூர், எல்லாமே 18 சதவீதச் சரக்கு. ஆக வாடிக்கையாளரிடம் வாங்கிய வரி 54,000 ரூபாய்: மத்திய வரி 27,000, மாநில வரி 27,000. இது நம்ம பணம் இல்லை, அரசாங்கத்துக்காக வாங்கி வைத்திருக்கிறோம்.

இனி கொள்முதல். சரக்கு வாங்கும்போது நாம் கட்டிய வரியை இந்த 54,000-இல் கழித்துக்கொள்ளலாம், அதைத்தான் இன்புட் என்கிறோம். மதுரை டீலரிடம் 2 லட்சத்துக்குப் பெயின்ட், வரி 36,000. பெங்களூரிலிருந்து 50,000-க்கு ட்ரில்லிங் மெஷின். வெளிமாநிலம் என்பதால் அந்த 9,000 வரி IGST-ஆக வரும். புதுக்கோட்டையில் 40,000-க்கு பிவிசி பைப், வரி 7,200. இந்த மூன்றையும் கூட்டினால் 52,200. 54,000-இல் கழித்தால் 1,800 கட்டினால் போதும். விற்காமல் அலமாரியில் நிற்கிற சரக்குக்கும் இன்புட் உண்டு. வாங்கின மாதம்தான் கணக்கு, விற்ற மாதம் இல்லை.

ஆனால் நவம்பர் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில், நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைக் காட்டுகிற GSTR-2B-யைத் திறந்தால் புதுக்கோட்டை பில்லைக் காணோம். பில் ஃபைலில் இருக்கிறது, பைப் குடோனில் இருக்கிறது, பணமும் கொடுத்தாகிவிட்டது. போன் போட்டால் பதில் வருகிறது: "அண்ணே, நான் மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் போடுறேன்."

அவர் செய்வது தப்பில்லை. வருஷத்துக்கு 5 கோடி வரை வியாபாரம் உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடலாம். ஆனால் அவர் பில்லை ஏற்றினால்தான் அது நம்ம 2B-யில் தெரியும், தெரிந்தால்தான் நாம் எடுக்க முடியும். அவரைப் போன்றவர்களுக்காகவே IFF என்று ஒரு வசதி இருக்கிறது. அடுத்த மாதம் 13-ஆம் தேதிக்குள் அந்த மாத பில்லை மட்டும் அதில் ஏற்றிவிட்டால் போதும். கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் நான் 10, 11 தேதிக்கே போன் போட்டுவிடுவேன். 14-க்கு அப்புறம் கத்திப் பிரயோஜனம் இல்லை.

ஆக நவம்பர் 20-க்குள் வரி கட்டுகிற மாத ரிட்டர்னான GSTR-3B போடும்போது இன்புட் 45,000 மட்டும். கையிலிருந்து கட்டுவது 1,800 இல்லை, 9,000. அந்த 7,200 எங்கேயும் போய்விடாது. ஜனவரி 13-க்குள் அவர் காலாண்டு ரிட்டர்ன் போட்டால் டிசம்பர் மாத 2B-யில் வந்துவிடும். அதுவரை நம்ம முதல் முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். பில்தான் இருக்கிறதே என்று முன்கூட்டியே எடுத்துக் கழித்துவிட்டால், அப்புறம் 18 சதவீத வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வரும். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

இன்னொரு இடம், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மத்திய வரி இன்புட்டை மாநில வரிக்குக் கழிக்க முடியாது, மாநில வரி இன்புட்டை மத்திய வரிக்கும் கழிக்க முடியாது. IGST மட்டும் இரண்டு பக்கமும் போகும், அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். மூன்று பில்லும் வந்திருந்தால் ஒவ்வொரு பக்கமும் உள்ளூர் இன்புட் 21,600, பாக்கி 5,400. அந்த 9,000-ஐப் பாதி பாதியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 900, மொத்தம் 1,800 கட்டினால் முடிந்தது. முழுசையும் மத்திய வரிப் பக்கமே தள்ளினால் அங்கே 3,600 இன்புட் மிஞ்சி நிற்கும், இங்கே மாநில வரிக்கு 5,400 ரொக்கமாகக் கட்டுவீர்கள். போர்ட்டல் தானாக ஒரு கணக்குப் போட்டுக் காட்டும், அதை மாற்றலாம். ஆடிட்டர் ஆபீஸில் பையன் அவசரத்தில் ஓகே கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்புட்டே கிடையாது, அவர்கள் இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அப்புறம், கடையிலிருந்து ஒரு டப்பா பெயின்டைத் தூக்கிக்கொண்டு போய் நம்ம வீட்டுக்கே அடித்தால், அந்த டப்பாவுக்கு எடுத்த இன்புட்டையும் 3B-யில் திருப்பிக் காட்ட வேண்டும். இதைச் சொன்னதும் என் வீட்டில் முறைத்தார்கள்.