பந்து வந்து சேரும் இடம் கை அல்ல, கண்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவன் நான். வீட்டில் பேசுவது தமிழ், கடையில் பேசுவது மலையாளம் என்று இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் ஒரு நேரம் 'சார்', ஒரு நேரம் 'மாஷ்'. இன்று ஒரே ஒரு விஷயம்தான் பேசப்போகிறேன்: நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்கு வரும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி.

இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நாற்பது பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்குப் பத்துப் பந்து போட்டுப் பாருங்கள். சிலர் நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார்கள். சிலர் இரண்டு கையையும் முறம் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பார்கள், பந்து அதில் பட்டுத் தெறிக்கும். சிலர் பந்து வரும் முன்பே முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். வெளிப்பார்வைக்கு மூன்றும் 'பிடிக்கத் தெரியலை' என்பதுதான். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

முதலில் மைதானம். பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன் நான் ஒரு சுற்று நடந்துவிடுவேன். எங்கள் ஊரில் பனை அதிகம். காற்றுக்கு விழுந்த மட்டையின் கருக்கு, வேலமுள், கல், பாட்டில் சில்லு எல்லாவற்றையும் பொறுக்கிப்போட வேண்டும். பந்து பார்க்கிறவன் காலடியைப் பார்க்க மாட்டான். அப்புறம் பிள்ளைகளின் கை: நீள நகம், மோதிரம், கண்ணாடி வளையல் மூன்றும் பிடிப்புக்கு ஆகாது. வளையலைக் கழற்ற முடியாவிட்டால் மேலே ஒரு துணி சுற்றிவிடுவேன்.

இன்னொன்று காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காலத்தில் மேற்கே இருந்து அடிக்கும் காற்றும், கார்த்திகைக்குப் பிறகு கிழக்கே இருந்து வரும் வறண்ட காற்றும் எங்களுக்குப் பழக்கம். அந்தக் காற்றில் லேசான பந்து நேராக வராது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். படிக்கிற பிள்ளைக்கு அது அநியாயம். அதனால் ஆடிக் காற்றில் மாலைப் பீரியட் எடுத்தால் பள்ளிக் கட்டடத்துக்குக் கிழக்குப் பக்கம் நிற்போம். தை மாதம் காலையில் என்றால் மேற்குப் பக்கம். இரண்டிலும் கட்டடம் காற்றையும் மறைக்கும், நிழலும் தரும். மாற்றி நின்றால் வெயில் கண்ணில் அடித்துப் பிள்ளை கண்ணைச் சுருக்கும். கண்ணைச் சுருக்கியவனுக்குப் பந்து பாதி தூரம் வந்த பிறகுதான் தெரியும்.

பந்து எது? கிரிக்கெட் பந்து 160 கிராம் எடை இருக்கும், டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இருக்காது. முன்னதைத் தொடவே வேண்டாம், பின்னது ரொம்பச் சின்னது. நான் பழைய சாக்ஸில் துணி அடைத்து, கட்டி, இன்னொரு சாக்ஸை மேலே போட்டு ஒரு பந்து செய்கிறேன். பிள்ளையின் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து பாதிப் பந்தைத் தாங்குகிற அளவு. அதைவிடப் பெரிசானால் விரல் வேலை செய்யாது, அணைக்கத்தான் வரும். துணிப் பந்து பட்டால் வலிக்காது, தரையில் ஓடிப் போய் நேரத்தைத் தின்னாது. குதிக்காது என்பது மட்டும் குறை. அதற்கு முழுக்க ஊதாத ரப்பர் பந்து பத்து வைத்திருக்கிறேன். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு நகக் கண் அளவு உள்ளே போக வேண்டும்.

உடம்பைச் சூடாக்க ஏழு நிமிடம் போதும். நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடித்து எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். தொட்டு விளையாட்டுதான், ஆனால் ஓடும்போது இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பிறகு தோளைச் சுழற்றுவது, மணிக்கட்டைச் சுழற்றுவது. கடைசியாக விரல்: முட்டியாக மூடி, பூ விரிகிற மாதிரி அகல விரித்து, இருபது முறை. பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். வரட்டும், விரல் நீவியாகிவிடும்.

விரலைப் பற்றிச் சொல்லும்போது என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த புதிதில் கெட்டிப் பந்தில் பிடிக்க விட்டேன். ஒரு பையனின் நடுவிரல் நுனியில் பந்து நேராகக் குத்தியது. சுளுக்கு என்று நினைத்து, எங்கள் ஊர்ப் பழக்கப்படி விரலைப் பிடித்து இழுத்துவிட்டேன். மறுநாள் நுனிக் கணு கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அவனால் நிமிர்த்த முடியவில்லை. நுனியை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்திருக்கிறது என்றார் எலும்பு டாக்டர். ஆறு வாரத்துக்கு மேல் விரல் நுனியை நேராக வைத்துக் கட்டு. அது ஒரு நாள்கூட மடங்கக் கூடாது. இழுத்தால் நல்லதைக் காட்டிலும் கெடுதலே அதிகம் என்று என்னை நன்றாகத் திட்டினார். இப்போது என் பையில் ஐஸ் குச்சியும் பட்டித் துணியும் எப்போதும் இருக்கும். நுனி தொங்கினால் குச்சி வைத்து நேராகக் கட்டி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

விரல் நுனி ஏன் குத்துப்படுகிறது? பந்து வரும் திசைக்கு நேராக விரலை நீட்டுவதால்தான். தொப்புளுக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும், இரண்டு கட்டைவிரலும் கிட்டக் கிட்ட. தொப்புளுக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் தரையைப் பார்க்க வேண்டும், சுண்டு விரல்கள் கிட்டக் கிட்ட. ஆளை நோக்கி விரல் நீட்டுவது எப்போதும் இல்லை. 'தொப்புள் கோடு' என்று சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

இனி கை எப்படி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் லாரியில் தேங்காய் ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பவர் தூக்கிப் போட, மேலே நிற்பவர் பிடித்து அடுக்குவார். கையை விறைப்பாக வைத்து வாங்க மாட்டார். தேங்காய் வருவதற்கு முன் கை அதை எதிர்கொண்டு போகும், தொட்டதும் அதோடு சேர்ந்தே வயிற்றுப் பக்கம் திரும்பி வரும். பந்து இரண்டு விரல்கடை தூரத்தில் நின்றால் ஒரு மாதிரி, ஒரு சாண் தூரம் கூடவே போய் நின்றால் இன்னொரு மாதிரி. தூரம் ஐந்து மடங்கானால் கையில் விழும் அடி ஐந்தில் ஒன்றாகிவிடும். விறைத்த கையிலிருந்து பந்து தெறிப்பதற்கும் அதுதான் காரணம். முழங்கையை மடக்கி வைத்தால்தான் கை பின்னால் வர இடம் இருக்கும். நான் சொல்வதைவிட தேங்காய்க்காரரைக் காட்டிவிடுவது சுலபம்.

சரியாகப் பிடிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பதுண்டு. விறைத்த கையில் 'பட்டீர்' என்று சத்தம் வரும். கூடவே வரும் கையில் சத்தமே இருக்காது.

படிகள் இப்படி. முதலில் ரப்பர் பந்தைத் தன் முன்னால் தரையில் தட்டி, எழும்பியதும் பிடிப்பது. அடுத்து துணிப் பந்தைத் தானே தலை உயரம் தூக்கிப் போட்டுப் பிடிப்பது. பிறகு ஜோடி. இரண்டு பேருக்கும் நடுவே நாலு எட்டு, ரப்பர் பந்தை ஒரு குதிப்பு குதித்து வருகிற மாதிரி போட வேண்டும். அடுத்தது குதிப்பு இல்லாமல் கீழ்க்கையாக நேராகப் போடுவது. கடைசியில்தான் ஒரு எட்டு இடத்திலோ வலத்திலோ போய்ப் பிடிப்பது. எல்லா ஜோடியும் ஒரே திசையில் போட வேண்டும், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே கை விரித்தால் தொடாத தூரம் இருக்க வேண்டும். தவறிய பந்தை எடுக்க என் விசில் வரும்வரை யாரும் ஓடக் கூடாது. இந்த ஒரு விதியால் தலையும் தலையும் மோதுவது நின்றது.

எப்போது அடுத்த படி? பத்தில் எட்டை நெஞ்சில் அணைக்காமல் கையால் பிடித்தால். ஐந்துக்குக் கீழே போனால் ஒரு படி கீழே. இது என் கணக்கு, புத்தகக் கணக்கு இல்லை. வகுப்பு முழுக்க ஒரே படியில் நிற்பதில்லை. ஒரே மைதானத்தில் ஐந்து படியும் நடக்கும்.

போன வருஷம் அஞ்சாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. தானே போட்டுப் பிடிப்பதில் பத்துக்கு எட்டு. ஜோடி போட்டால் பத்துக்கு இரண்டு. கைதான் குற்றம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமே. பக்கத்தில் குந்தி அவள் முகத்தைப் பார்த்தேன். எதிரில் உள்ளவள் கை அசைந்ததுமே இவள் தலை இடது பக்கம் திரும்பிவிடுகிறது. "என்ன கண்ணு, என்னாச்சு?" என்றேன். "மூக்குல பட்டுருமுங்க சார்" என்றாள். முந்தின வருஷம் மூக்கில் வாங்கியிருக்கிறாள்.

'கண்ணைத் திற' என்று கத்தினால் கண் திறக்காது. மூன்று மாற்றம் செய்தேன். ஒன்று, துணிப் பந்து. அதை முதலில் அவள் கன்னத்திலேயே லேசாகத் தட்டிக் காட்டினேன், சிரித்தாள். இரண்டு, தொப்புள் உயரத்துக்கு மேல் யாரும் போடக் கூடாது, அவள் "போடு" என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். மூன்று, பந்தின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று துண்டு டேப் ஒட்டினேன். பிடிக்கும்போது எந்த நிறம் தன் பக்கம் இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். பிடித்தாளா தவறினாளா என்று நான் கேட்கவே இல்லை. நிறம் சொன்னால் ஒரு மார்க்.

நிறம் சொல்ல வேண்டும் என்றால் கடைசி வரை பார்த்தே ஆக வேண்டும். முதல் பீரியடில் பிடித்தது நாலு, நிறம் சொன்னது ஆறு. மூன்றாவது பீரியடில் ஏழும் எட்டும். அப்புறம்தான் பந்தை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோனேன். உடனே ஐந்துக்கு இறங்கிவிட்டது. மறுபடி தொப்புள் கோட்டுக்கே வந்து, வாரத்துக்கு ஒரு விரல்கடை மேலே. ஒன்றரை மாதம் பிடித்தது.

தலைக்கு மேலே உயரத்திலிருந்து விழும் பந்தை நான் இந்த வயதில் எடுப்பதில்லை. அது எங்கே விழும் என்று கணிப்பது தனி வித்தை, அண்ணாந்து பார்த்துக்கொண்டு பின்னால் ஓடுகிற பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அதை ஏழாம் வகுப்புக்கு வைத்திருக்கிறேன். அந்தப் பெண் இப்போது ஆறில். போன வாரம் மைதானத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவள் ஜோடியிடமிருந்து சத்தமே வரவில்லை. பந்து விளையாட்டு நடக்கிறதா என்று சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தேன். நடந்துகொண்டுதான் இருந்தது.