கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

(குன்னூரில் பியூட்டி பார்லர் நடத்தும் பெண்களும் அங்கே வேலை செய்யும் பெண்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. தூரத்து ஹட்டிக் கிராமங்களிலிருந்தும் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வந்திருப்பவர்கள் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடை எத்தனை மணிக்குச் சாத்தும் என்று கேட்டால் எட்டு என்பீர்கள், எட்டரை என்பீர்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொன்னேன். ஷட்டர் இறக்குகிற நேரத்தைத்தான் சாத்துகிற நேரம் என்று நினைத்திருந்தேன். நம் தொழிலில் அது சரியில்லை. கடைசியாக வந்த அம்மாவை நாற்காலியில் எப்போது உட்கார வைத்தோமோ, அப்போதே சாத்துகிற நேரம் முடிவாகிவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் நினைத்த நேரத்தில் ஷட்டரை இழுத்துவிடலாம். தலையில் மருந்து வைத்துவிட்டால் நம்மால் இழுக்க முடியாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். என் தப்புதான் அது. மறைக்க எனக்கு மனசில்லை.

ஒரு நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை. இரண்டரைக்கு ஸ்மூத்தனிங் செய்ய வருவதாகச் சொன்னவர் மூணே முக்காலுக்கு வந்தார். முதுகு வரை அடர்த்தியான முடி. மறுநாள் வீட்டில் விசேஷம் என்றார், நானும் சரி என்று உட்கார வைத்துவிட்டேன். என்னோடு அன்றைக்கு இருந்த பெண் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஹட்டியிலிருந்து வருகிறவள். அவளுக்குக் கடைசி பஸ் ஏழு ஐம்பது.

முடியை அலசிக் காயவைக்கவே நாலு இருபத்தைந்து. கிரீம் பூசி முடிக்கும்போது ஐந்து பத்து. கீழே கோயம்புத்தூரில் அரைமணியில் வேலை செய்கிற கிரீம், இங்கே மழைக்குளிரில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு முடியை எடுத்து இழுத்துப் பார்க்கிறோம், இன்னும் பதமில்லை. இன்னொரு ஐந்து நிமிஷம், மறுபடி பார்க்கிறோம். அலசிக் காயவைத்து அயர்ன் போட ஆரம்பித்தது ஆறு இருபதுக்கு. ஆறரைக்குக் கரண்ட் போனது.

தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் புரியும். கிரீம் முடியின் உள்கட்டை இளக்கிவிட்டது. நியூட்ரலைசர் போட்டால்தான் அது மறுபடி இறுகும். நடுவில் கட்டி அனுப்பினால் ரப்பர் பேண்ட் போட்ட இடம் அப்படியே மடிந்து நின்றுவிடும், முடி உடையவும் செய்யும். பாதியில் எழுப்பி அனுப்ப வழியே கிடையாது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்தது ஏழு பத்துக்கு. எல்லாம் முடியும்போது எட்டு நாற்பது.

அந்தப் பெண், "நான் போயிடுவேன்க்கா, ஜீப் கிடைக்கும்" என்றாள். நானும் கையைக் கழுவிக்கொண்டே தலையாட்டிவிட்டேன். ஜீப் கிடைத்தது. ஆனால் கூட்டுரோடு வரைதான் போனது. அங்கிருந்து அவள் வீட்டுக்குத் தேயிலைத் தோட்டம் வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. பாதி வழியில் பாதையை மறித்துக் காட்டெருமை நின்றது, கூட இன்னும் இரண்டு. திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடை வாசலில் நின்றாள். அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. செல்போன் டார்ச்சையும் போட்டுக்கொண்டே நடந்ததில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. அவள் அப்பா டார்ச்சோடு தேடி வந்து கூட்டிப்போகும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது.

இரண்டு நாள் கழித்து அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. "பஸ் நேரம் உங்களுக்கும் தெரியும்தானம்மா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். கரண்ட் வந்த ஏழு பத்துக்கே அவளை அனுப்பியிருக்கலாம். பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. என் வீடு கடையிலிருந்து இரண்டாவது தெரு, மிச்ச வேலையை நானே முடித்திருப்பேன். இரண்டு பேர் சேர்ந்து அயர்ன் போட்டால் சீக்கிரம் முடியுமே என்கிற ஒரே நினைப்பில், யாருக்கு வீடு எவ்வளவு தூரம் என்பதை மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் கணக்கைத் தலைகீழாக்கினோம். கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். பஸ் ஏழு ஐம்பது. ஸ்டாண்டுக்கு மேடேறி நடக்கப் பன்னிரண்டு நிமிஷம். தரையைக் கூட்டி, துண்டை ஊறப்போட்டு, சீப்பு கத்திரியைக் கழுவி மருந்துத் தண்ணீரில் போட, கல்லாப்பெட்டியை எண்ண, இருபத்தைந்து நிமிஷம். ஆக ஏழு பத்துக்குக் கையில் வேலை இருக்கக் கூடாது. நீளமுடி ஸ்மூத்தனிங்குக்கு நாலேகால் மணி நேரம், குளிருக்கும் கரண்டுக்கும் என்று கூட ஒரு கால்மணி. அப்படியானால் இரண்டு நாற்பதுக்குப் பிறகு யாரையும் அதற்கு உட்கார வைப்பதில்லை. முழுத்தலைக் கலரிங் என்றால் நாலே முக்கால். ஃபேஷியல் ஐந்தே முக்கால். த்ரெடிங் மட்டும் ஆறே முக்கால் வரை. இந்த நாலு நேரத்தையும் கண்ணாடிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்பவர்களுக்கும் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம்.

உங்கள் கடைக்கு இதே நேரங்கள் பொருந்தாது. உங்கள் ஆட்களில் யாருடைய பஸ் முதலில் போகிறதோ அதிலிருந்து எண்ணுங்கள்.

வருமானம் போகாதா என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார். முதல் மாதம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், ஒருவர் திரும்பி வரவேயில்லை. மற்றவர்கள் சனிக்கிழமை காலைக்கு மாறிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் போயிற்று, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது, யார் கடைசி வரை நிற்பது. முறைவைத்து ஆளுக்கு ஒருநாள் என்பது பார்க்க நியாயமாகத் தெரியும். மலையில் அது நியாயமில்லை. டவுனுக்குள் இருப்பவளுக்குப் பத்து நிமிஷ நடை, ஹட்டிக்காரிக்கு ஒரு மணி நேரப் பயணம். பக்கத்தில் வீடு உள்ளவர்கள் நிற்கட்டும், அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். தூரத்துக்காரர்கள் காலையில் முதலில் வந்து திறக்கட்டும். ஷட்டர் இறக்கும்போது எப்போதும் இரண்டு பேர். ஒருத்தியை மட்டும் சாவியோடு விட்டுப் போகாதீர்கள்.

அரசுப் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2021-ல் சமவெளியில் பெண்களுக்குத் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் 2024-ல் நமக்கும், மலைப்பகுதிக்கும் வந்தது. அந்தப் பஸ்ஸைத் தவறவிட்ட பெண் ஆட்டோவுக்குக் கொடுப்பது அன்றைய சம்பளத்தில் பாதி. அந்தப் பயத்தில்தான் அவள் "நடந்தே போயிடுவேன்க்கா" என்கிறாள். அந்த வார்த்தையை நம்பாதீர்கள். நாம் தாமதமாக்கினால் வண்டிக்காசு நம்முடையது.

வண்டி என்றால் கைகாட்டி நிறுத்துகிற வண்டி கூடாது. தெரிந்த டிரைவர், ஒரே வண்டி, நம்பர் கடை நோட்டில் இருக்க வேண்டும். இறக்கிவிடுகிற வரிசையையும் பாருங்கள். பக்கத்தில் வீடு உள்ளவளை முதலில் இறக்கினால் கடைசி ஐந்து கிலோமீட்டர் ஒருத்தி டிரைவரோடு தனியாகப் போகிறாள். தூரத்துக்காரியை முதலில் விட்டுவிட்டுத் திரும்பி வரச் சொல்லுங்கள். கொஞ்சம் டீசல் கூட ஆகும், ஆகட்டும். நம் ஊரில் வண்டி நிற்கிற இடம் ஒன்று, வீடு இன்னொன்று. ரோட்டிலிருந்து எண்பது படி கீழே லைன் வீடு இருக்கும். ஹெட்லைட் ரோட்டைத்தான் காட்டும், படியைக் காட்டாது. வீட்டிலிருந்து ஒருவர் மேலே ரோட்டுக்கு வந்து கூட்டிப்போக வேண்டும், அதுவரை வண்டி நகரக் கூடாது. சிக்னல் உள்ள இடத்தைத் தாண்டும் முன்பே வீட்டுக்குப் போன் போட்டுவிட வேண்டும். 112 நல்ல எண்தான், ஆனால் எந்த டவரும் எட்டாத பள்ளத்தில் அதுவும் போகாது. ஆறு மணிக்கு டிரையரைப் பிடுங்கிவிட்டாவது பெண்களின் போனைச் சார்ஜில் போடுங்கள், ஆளுக்கொரு கைடார்ச் வாங்கிக் கொடுங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற கடைகள் இருபத்துநாலு மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் வந்த தமிழக அரசாணை, பெண்களை இரவு எட்டுக்கு மேல் நிறுத்த எழுத்தில் சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்தும் தர வேண்டும் என்கிறது. நம் கடைகளில் மூன்று, நாலு பேர்தான். இருந்தாலும் அந்த எட்டு மணியை நாமும் அளவாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டம். வேலை சம்பந்தமாக முதலாளி ஏற்பாடு செய்கிற வண்டியும் அதில் பணியிடம்தான். கடைக்கு வந்த வாடிக்கையாளர் பெண்ணும் அங்கே தனக்கு நடந்ததைப் பற்றிப் புகார் செய்யலாம். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் மாவட்டத்தில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது, மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் விலாசத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, விலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

நம்மிடம் வருகிற பெண்களும் இதே பஸ்ஸில்தான் போகிறார்கள். அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே "எப்படி வீட்டுக்குப் போவீங்க?" என்று கேளுங்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது அவர்களே சொல்கிறார்கள். ஈரத்தலையோடு குளிரில் பஸ் ஸ்டாண்டில் யாரையும் நிற்க விடாதீர்கள், பத்து நிமிஷம் டிரையர் போட்டே அனுப்புங்கள். கல்யாணப்பெண் ட்ரையலுக்கு நகையோடு வந்தால் கூட ஆள் வரச் சொல்லுங்கள். ஆள் வரும்வரை ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கைப் போட்டு, உள்ளே உட்கார வையுங்கள்.

மழைக்காலத்துக்கு மட்டும் வேறு கணக்கு. மண் சரிந்தால் பஸ் பாதி வழியில் திரும்பிவிடும், கடைசி ட்ரிப் வராமலும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் மூன்று மணிக்கே ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி, கடைசி பஸ் உண்டா என்று கேட்டு வரச் சொல்கிறோம். சந்தேகம் என்றால் கண்ணாடிப் பக்கத்து நேரங்கள் எல்லாவற்றிலும் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்கிறோம், தூரத்துப் பெண்களை ஐந்து மணி பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறோம். இன்றைக்கும் மழை பிடித்திருக்கிறது. ஹட்டிக்காரர்கள் எழுந்திருங்கள், மீதியை அடுத்த முறை பேசிக்கொள்ளலாம்.