ஆறு வெள்ளைக் கிண்ணமும் எங்கள் வீட்டு உறைகிணறும்

வணக்கம். பின்னால் தெரிகிறதே, அது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் உறைகிணறு. ஐந்து குடித்தனங்களுக்குப் பொது. லாரித் தண்ணீர் வராத நாளில் இதுதான் கதி. கம்யூனிட்டி மெடிசினில் கிணற்றுக்குக் குளோரின் போடுவதை ஷார்ட் நோட்ஸாகக் கேட்டால் மனப்பாடமாக எழுதிவிடுகிறோம். சென்ற வாரம் அதையே இந்தக் கிணற்றில் செய்து பார்த்தேன். ஒரு இடத்தில் சறுக்கியது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் கிணற்றில் எவ்வளவு தண்ணீர்? விட்டம் ஒன்றரை மீட்டர். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன், மூன்று மீட்டர் நனைந்திருந்தது. 3.14 × 1.5 × 1.5 × 3 ÷ 4 என்று போட்டு, ஆயிரத்தால் பெருக்கினால் சுமார் 5,300 லிட்டர்.

அடுத்து, எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று கண்டுபிடிக்க ஹாராக்ஸ் கருவி. இதில் ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம், இரண்டு கிராம் பிடிக்கும் கரண்டி எல்லாம் இருக்கும். கறுப்புக் கிண்ணத்தில் தலைதட்டி ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, உள்ளே இருக்கும் வட்டக் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட வேண்டும். வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுத் தண்ணீர். தெளிந்த கரைசலில் முதல் கிண்ணத்துக்கு ஒரு சொட்டு, இரண்டாவதுக்கு இரண்டு என்று ஆறு வரை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குச்சியால் கலக்கிவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் ஸ்டார்ச் அயோடைடு மூன்று மூன்று சொட்டு. நீலம் வந்தால் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். வரிசையாகப் பார்த்து வரும்போது எத்தனையாவது கிண்ணத்தில் முதலில் தெளிவாக நீலம் தெரிகிறதோ, அத்தனை கரண்டி பவுடர் 455 லிட்டருக்கு வேண்டும்.

எனக்கு மூன்றாவதில் தெரிந்தது. அதாவது 455 லிட்டருக்கு ஆறு கிராம். 5,300 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 70 கிராம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நல்ல பவுடரில் 33 சதவீதம் குளோரின் என்று படிக்கிறோம். நம் ஊர்ப் புழுக்கத்தில் திறந்து வைத்த பாக்கெட்டில் அது எங்கே நிற்கும்? ஆனால் சோதனைக்கும் கிணற்றுக்கும் ஒரே பவுடரைப் போடுவதால், அது வலுவிழந்திருந்தாலும் கரண்டிக் கணக்கில் தானே சரியாகிவிடும். ஆறாவது கிண்ணத்திலும் நீலம் வரவில்லை என்றால்? தண்ணீர் மோசமா, பவுடர் செத்துவிட்டதா என்று பார்க்க, கேன் தண்ணீரில் அதே சோதனையைச் செய்யுங்கள். அதிலும் நீலம் வராவிட்டால் பவுடரைத் தூக்கிப் போடுங்கள்.

சரி, கிணற்றுக்கு வருவோம். 70 கிராமை பக்கெட்டில் குழைத்து, முக்கால் பக்கெட் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் விட்டால் அடியில் சுண்ணாம்பு படியும். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு பக்கெட்டில் ஊற்றிக் கிணற்றில் இறக்க வேண்டும். சுண்ணாம்பைக் கொட்டினால் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். ஏற்கெனவே இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அதுவேறு எதற்கு? பக்கெட்டைத் தண்ணீருக்குள் மேலும் கீழும், பக்கவாட்டிலும் நன்றாக ஆட்டினேன். எல்லோரும் தண்ணீர் இறைத்து முடித்த ராத்திரி நேரமாகப் பார்த்துச் செய்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆர்த்தோடோலிடின் சோதனை. ஒரு மில்லி தண்ணீருக்கு 0.1 மில்லி ஆர்த்தோடோலிடின். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஊற்றியதும் நிறமே இல்லை. கையில் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் பார்த்தால் நல்ல மஞ்சள்! “சரியாப் போச்சு அக்கா, காலையில எடுத்துக்கலாம்” என்று சொல்லியும் விட்டேன்.

அங்கேதான் தப்பு. பத்து நொடிக்குள் வரும் மஞ்சள்தான் தனிக் குளோரின், அதாவது எதோடும் சேராமல் மிச்சமிருக்கும் குளோரின். கால் மணி நேரம் கழித்து வருவதில் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரமினும் அடக்கம். அது கிருமியைக் கொல்லும்தான், ஆனால் மிக மெதுவாக. நமக்கு வேண்டியது ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக் குளோரின். போட்ட குளோரினை அம்மோனியா பிடித்துக்கொண்டது. கிணற்றில் அம்மோனியா என்றால் முதல் சந்தேகம் சாக்கடைக் கசிவு.

அக்காவிடம் போய், “காய்ச்சாமல் குடிக்காதீங்க” என்று திருத்திச் சொல்லிவிட்டு, மறுநாள் ராத்திரி திரும்பவும் 70 கிராம் போட்டேன். இந்த முறை ஊற்றிய உடனே மஞ்சள் வந்தது, 0.5 மில்லிகிராமுக்கு உரிய நிறத்தோடு ஒத்தும் போனது.

சாக்கடை கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமிக்கான சோதனைக்கு நாளை மாதிரி எடுக்கிறேன். அதற்கான கிருமிநீக்கிய பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேரும் வரை பாட்டிலுக்குள்ளேயே குளோரின் வேலை செய்து, கிணற்றில் இருந்த கிருமி சோதனை முடிவில் தெரியாமல் போய்விடும். கிணற்றை ஒட்டிப் போகும் சாக்கடைக் குழாயைத் தோண்டிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். அதையும் படம் பிடித்துப் போடுகிறேன்.