அந்திக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் கால்நடை மருத்துவராகப் பல காலம் வேலை பார்த்தவன் நான். அங்கே கன்னி ஆடுகள் அதிகம். உடம்பு கறுப்பு, முகத்தில் இரண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மை படர்ந்திருந்தால் செங்கன்னி. தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே ஆடுபோலத் தெரியும். அந்தி மங்கலில் பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஓர் ஆட்டுக்காரர் தன் மந்தையை எண்ணுகிறார், ஒன்று குறைகிறது. அதன் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கதைதான் என்றாலும் அதில் வரும் வேலைகள் எல்லாம் நான் கிடைகளில் நேரில் பார்த்தவை.

அறுப்பு முடிந்த காட்டில் உரத்துக்காகக் கிடை போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் படல். பெரியவர் ஒரு படலை மட்டும் விலக்கி, குறுக்கே துரட்டிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பேரன் வெளியிலிருந்து ஆடுகளை ஓட்டுகிறான். திறந்த இடம் இரண்டு ஆடு ஒட்டி நுழையும் அளவுதான். பெரியவர் சோடி சோடியாகத்தான் எண்ணுவார். பத்துச் சோடி உள்ளே போனதும் மடியில் ஒரு கூழாங்கல் விழும். குட்டிகள் இந்தக் கணக்கில் சேராது. அவை பகலெல்லாம் கிடையிலேயே பெரிய கூடைக்குள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்.

மந்தையில் பெரிய உருப்படி 58. இரண்டு கல் விழுந்து, அதன் மேல் ஒன்பது சோடி நுழைந்தால் கணக்குச் சரி. அன்றைக்கு இரண்டு கல் விழுந்தது, எட்டுச் சோடி நுழைந்தது. அப்புறம் ஒரே ஓர் ஆடு தனியாக உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் எதுவும் இல்லை.

சோடியாக எண்ணுவதன் வசதி இதுதான். ஒன்று குறைந்தால் கடைசியில் ஒற்றை விழும், அங்கேயே தெரிந்துவிடும். கூட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை.

"தாத்தா, ஒண்ணு கொறையுது. திருப்பி வெளிய ஓட்டவா?"

"ஏலே, பதறாத. மொதல்ல படல அடை."

பையன் கேட்டதுதான் நம்மில் பலர் செய்வது. அதே வழியில் இன்னொரு முறை எண்ணுவோம். அடைந்த ஆட்டை அந்தியில் மறுபடி கலைத்தால் அது மிரளும். மூன்று ஒன்றாகப் பாயும், உள்ளே போனது திரும்பி வந்து நுழையும். இரண்டாவது எண்ணிக்கை 56 ஆகும், மூன்றாவது 59 ஆகும். அதோடு 57 என்று சரியாகவே வந்தாலும் எது வரவில்லை என்று அந்த எண் சொல்லாது. இப்போது காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டுகிறார்கள். தடுப்பூசிப் பதிவுக்கு அது மிகவும் உதவுகிறது. அந்த இருட்டில் 57 காதைப் பிடித்து யார் வாசிப்பது?

பெரியவர் இரண்டாம் முறை எண்ணியது வேறு மாதிரி. கூடையை நிமிர்த்திக் குட்டிகளை விடச் சொன்னார். அவை கத்திக்கொண்டு ஓடின. தாய்கள் ஒவ்வொன்றாக வந்து, வாலடியில் மோந்து பார்த்து, தன் குட்டிக்கு மட்டும் காலை அகட்டி நின்றன. பிறத்தியார் குட்டி வந்தால் முட்டித் தள்ளின. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. தாயில்லாமல் கத்திக்கொண்டு நின்ற குட்டி ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பால் கொடுக்கும் ஆடுகள் எல்லாம் வந்துவிட்டன. குறைவது கிடாயாக இருக்கலாம், வறட்டாடாக இருக்கலாம், சினையாடாக இருக்கலாம். ஓர் எண்ணைக்கூடச் சொல்லாமல் மந்தையில் பெரும்பகுதியை அவர் கழித்துவிட்டார்.

அடுத்துத் தாய்வழி பார்த்தார். வெள்ளாட்டில் தாய், மகள், பேத்தி எல்லாம் பெரும்பாலும் பக்கம் பக்கமாகப் படுக்கும். பெரியவர் கிடைக்குள் நடந்து, கொம்பையும் காதையும் தடவிக்கொண்டே சொன்னார்: "மொட்டை, அவ மக, அவ மக... வெள்ளைக்கால், அவளோட ரெண்டு மக..." சுட்டியிடம் வந்ததும் நின்றார். சுட்டி வழியில் ஐந்து இருக்க வேண்டும். நான்குதான் படுத்திருந்தன.

"கோணக்கொம்பக் காணும்லே."

பேர் கிடைத்ததும் காரணமும் கிடைத்துவிட்டது. கோணக்கொம்பு தலை ஈத்துக்காரி, நிறைமாதச் சினை. ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். காலையிலேயே மடி விட்டிருந்தது, வாலின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. அன்றைக்கு அவளைக் கிடையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஈனப்போகும் வெள்ளாடு மந்தையை விட்டு விலகி மறைவு தேடும். அது வழி தவறியதாக ஆகாது, தானாகப் பின்தங்கியதுதான். ஆகவே மந்தை போன தடம் முழுக்கத் தேட வேண்டியதில்லை. கடைசியாக எங்கே பார்த்தோம், அதன் பக்கத்தில் மறைவு எங்கே இருக்கிறது, இந்த இரண்டு கேள்வி போதும். மத்தியானம் ஓடையில் தண்ணி காட்டியபோது பையன் அவளைப் பார்த்திருக்கிறான். ஓடைக்கு மேல்புறம் உடைமரப் புதர் உண்டு.

நாயைக் கிடைக்குக் காவல் விட்டு, இருவரும் டார்ச்சோடு கிளம்பினார்கள். அவசரத்துக்குக் காரணம் நரி. தெருநாய்க் கூட்டம் அதைவிட மோசம். ஈன்ற வாடை அவற்றை இழுத்துவிடும். ஓடைக்கரையில் பெரியவர் கூப்பிடவில்லை, நின்று காது கொடுத்தார். ஈன்ற ஆடு குட்டியிடம் தொண்டைக்குள்ளேயே மெதுவாக முனகும், மந்தையைக் கூப்பிடும் கத்தல் வேறு. முனகல் வந்த பக்கம் டார்ச்சைத் திருப்பினால் இரண்டு கண் பளிச்சென்று மின்னியது. காலடியில் ஈரம் காயாத ஒரு குட்டி. சற்று நேரத்தில் இரண்டாவதும் விழுந்தது.

பையன் பாய்ந்து தூக்கப் போனான். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் பலர் குட்டியைக் கெடுக்கிறார்கள். ஈன்றவுடன் தாய் நக்க வேண்டும். அந்தச் சிறிது நேரத்தில்தான் தன் குட்டியின் வாடை அதற்குப் பதிகிறது. நக்க விடாமல் பிரித்துவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தால் தன் குட்டியையே முட்டித் தள்ளலாம், அதுவும் தலை ஈத்துக்காரி. நக்குவதில் குட்டியும் காய்கிறது, ரத்த ஓட்டமும் கிளம்புகிறது. பெரியவர் இரண்டு குட்டியின் மூக்கிலும் வாயிலும் இருந்த சளியை மட்டும் துண்டால் துடைத்து, தாயின் முகத்துக்கு நேரே விட்டார். இரண்டும் எழுந்து சீம்பால் குடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வரும்போதும் ஒரு முறை உண்டு. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தால் தாய்க்கு வாடை அறுந்துபோகும். அது குட்டியைத் தேடி ஈன்ற இடத்துக்கே ஓடிவிடும். பெரியவர் இரண்டு குட்டிகளையும் முழங்கால் உயரத்தில், தாயின் மூக்குக்குக் கீழே பிடித்தபடி குனிந்தே நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று மோந்துகொள்ள விட்டார். நச்சுக்கொடி இன்னும் விழவில்லை, அதில் பயமில்லை. சில மணி நேரம் ஆகும். மறுநாள் காலையிலும் விழாமல் தொங்கினால் இழுக்கக் கூடாது, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கோணக்கொம்புக்கு அந்தத் தேவை வரவில்லை, நள்ளிரவுக்குள் விழுந்துவிட்டது.

படலை அடைத்த பிறகு பையன் கேட்டான்: "நாளைக்கி இவள மேய்க்க ஓட்டணுமா?"

"நாலஞ்சு நாளைக்கி வேண்டாம். இங்கனயே கொழ ஒடிச்சிப் போடு. சாயந்தரம் எண்ணும்போது ஒத்தையாத்தான் விழும், பயந்துராத. குட்டிக் கணக்குல ரெண்டு கூட்டிக்க."

நன்றி, வணக்கம்.