வெடிப்பது ஓடு அல்ல, மஞ்சள் கரு

நேயர்களுக்கு வணக்கம். அவித்து, ஓடு உரித்து வைத்த முட்டை ஆறிப்போயிருக்கிறது. முழுசாக மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைக்கிறோம். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. வெளியே எடுத்துக் கடிக்கிறோம். அப்போதுதான் வெடிக்கிறது. கொதிக்கும் மஞ்சள் கரு உதட்டில் தெறிக்கும், சில சமயம் கண்ணிலும். அடுப்புக்குள் வெடித்தால் துடைத்துவிடலாம். முகத்துக்கு நேரே வெடிப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

ஓடுதான் இல்லையே, பின் எப்படி? வெந்த மஞ்சள் கரு பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடிகளுக்கு இடையே நீர் துளித்துளியாகச் சிக்கியிருக்கிறது. குமிழ் விட இடமில்லாததால், அது 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறியும் கொதிக்காமல் நிற்கும். பல்லோ முள்கரண்டியோ பட்டதும் ஒரு துளி ஆவியாகும். அது பக்கத்துத் துளிகளையும் கிளப்பிவிடும். நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கக் கூட்டத்தில் இப்படிச் சூடாக்கிய முட்டைகளைக் குத்திப் பார்த்த சோதனையை விவரித்தார்கள். எல்லா முட்டையும் வெடிக்கவில்லை. வெடித்தவற்றில் சத்தம் ஓரடி தூரத்தில் 133 டெசிபல் வரை போயிருக்கிறது. போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று நம்ப முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊசியால் ஒரு துளை போட்டால் போதாதா? போதாது. வெள்ளைக் கருவில் போட்ட துளை, மஞ்சள் கருவுக்குள் சிக்கிய நீருக்கு வழி விடாது. பச்சை முட்டையானால் வெள்ளைக் கரு வெந்து துளையையே அடைத்துவிடும். அதனால் ஓட்டோடும் வேண்டாம், உரித்து முழுசாகவும் வேண்டாம். மஞ்சள் கரு திறக்கும்படி நான்காக வெட்டுங்கள். பாதித் திறனில் 20 விநாடி, தளர்வாக மூடி வையுங்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். முழு முட்டையே வேண்டுமென்றால், கொதித்து இறக்கிய வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். மைக்ரோவேவே தேவையில்லை. உடைத்து ஊற்றிய முட்டையிலும் மஞ்சள் கருவைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. சூடாக்குமுன் பல்குச்சியால் அதைக் கிழித்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கு இவ்வளவு பொல்லாதது அல்ல. அதில் ஆவியை அடைப்பது தோல். முள்கரண்டியால் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தினால் ஆவி சீறிக்கொண்டே வெளியேறும். பாதியில் ஒருமுறை திருப்பி வையுங்கள். சின்னக் கிழங்கையும் விடாமல் குத்துங்கள், அதற்கும் தோல் உண்டு.

நேரம் முடிகிறதென்று கைகாட்டுகிறார்கள். மூடிய டப்பாவைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூடியின் கொக்கிகளை எல்லாம் கழற்றி, மூடியைச் சும்மா மேலே சாய்த்து வையுங்கள். பிளாஸ்டிக் தாள் போர்த்தினால் ஒரு மூலையைத் திறந்து விடுங்கள். மூடி உப்பியிருந்தால் உடனே திறக்க வேண்டாம். அடுப்பை நிறுத்தி, அது தணியும்வரை பொறுங்கள். பிறகு முகத்துக்கு அப்பாலுள்ள ஓரத்தை முதலில் தூக்குங்கள். வணக்கம்.