பார்த்தீனியமும் விவசாயிகளின் முகத்தில் வரும் அரிப்பும்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பில் தோல் நோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றில் பணியாற்றும் எனக்கு, வடக்கிலிருந்து வரும் விவசாயிகளுள் ஒரு சாராரின் நோயை, அவர்கள் கதிரையில் அமர்ந்து வாய் திறப்பதற்கு முன்னரே ஓரளவு ஊகிக்க முடிகின்றது. இரு கண்களின் மேல்மடல்களும் தடித்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கறுத்திருக்கும். சட்டைக் கழுத்து விரிந்திருக்கும் இடத்தில் தோல் சொரசொரப்பாகிப் பொருக்கு உதிரும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் கழுத்துக்குப் போகும். இவர்களிற் பலருக்கு அந்த நோயைக் கொடுப்பது பார்த்தீனியம் என்னும் களை.

இந்தச் செடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். கரட் இலைபோலக் கிழிந்த இலைகள், உச்சியில் கிளைத்த தண்டு, அதில் கடுகுமணியை விடச் சற்றுப் பெரிதான வெள்ளைப் பூக்கள். வீதியோரத்திலும், கைவிடப்பட்ட காணிகளிலும், மிளகாய், வெங்காயத் தோட்டங்களின் வரம்புகளிலும் இது நிற்கும். அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப வலயத்தைத் தாயகமாகக் கொண்ட இது, 1950களின் நடுப்பகுதியில் இந்தியாவின் புனே நகரத்தில் கவனிக்கப்பட்டது. 1980களின் இறுதியில் இந்திய அமைதிப்படையினருடன் வந்த ஆடுகள், வாகனங்கள் மூலமாக நமது வடபகுதிக்கு வந்து சேர்ந்தது என்றே பொதுவாகக் கூறப்படுகின்றது. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும் என்பதால், வந்ததன் பின்னர் அதற்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

இதன் இலை, தண்டு, பூ, மகரந்தம் ஆகிய எல்லாப் பகுதிகளிலும் பார்த்தீனின் என்னும் வேதிப்பொருள் உண்டு. இலையிலும் தண்டிலும் உள்ள மெல்லிய மயிர்களில் அது செறிந்திருக்கின்றது. பூக்கும் காலத்தில் மகரந்தத்தோடும், செடி காய்ந்த பின்னர் உடைந்த மயிர்களின் தூசியோடும் அது காற்றில் ஏறுகின்றது. ஆகவே, மகரந்தம்தான் காரணம் என்று சொல்லிப் பூக்கும் மாதங்களில் மட்டும் கவனமாக இருப்பது போதாது. செத்துக் காய்ந்த செடியும் அதே வேலையைச் செய்யும். சில வேளைகளில் அது காற்றில் இலகுவாகப் பறப்பதால் கூடுதலாகவே செய்யும்.

இந்தத் தூசி தோலில் படிந்தவுடன் எதுவும் நடப்பதில்லை. பல மாதங்களோ சில வருடங்களோ மீண்டும் மீண்டும் பட்ட பின்னரே, சிலருடைய உடலின் வெள்ளணுக்கள் பார்த்தீனினைப் பகையாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதன் பின்னர், தூசி பட்டு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கழித்தே தோல் சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்கும். இந்தத் தாமதம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். திங்கட்கிழமை களை பிடுங்கியவருக்குப் புதன்கிழமை முகம் வீங்கும்போது, செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட இறாலும் கத்தரிக்காயும்தான் குற்றவாளிகளாகின்றன. கிரந்திச் சாப்பாடு என்று சொல்லி ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் சோறும் பருப்பும் மட்டும் உண்டு இளைத்துப்போய் வந்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். சில மணித்தியாலங்களில் தோன்றி மறையும் ஊறல் தடிப்பும் இதுவும் வேறு வேறு. இது நாட்கணக்கில், வாரக்கணக்கில் அதே இடத்தில் நின்று, செதில் உதிர்த்து, தோலைத் தடிக்க வைக்கும். எனவேதான் அலர்ஜி மாத்திரைகள் இதில் பெரிய பயன் தருவதில்லை. இரவில் சற்றே தூங்க உதவும், அவ்வளவுதான்.

அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றி, ஒருவருடைய கதையைச் சொல்கின்றேன். வவுனியாப் பக்கத்தில் மிளகாயும் கச்சானும் செய்கை பண்ணும், ஐம்பது வயது கடந்த ஒரு விவசாயி. முதலிரண்டு வருடங்களும் மாரிமழை ஓய்ந்து களை பூக்கும் மாதங்களில் மட்டும் கண்மடலும் கழுத்தும் அரித்திருக்கின்றன. மூன்றாம் வருடம் அது நிற்கவேயில்லை. வெயில்தான் காரணம் என்று ஒருவர் சொல்ல, அகலமான தொப்பி போட்டார். படர்தாமரை என்று வேறொருவர் சொல்ல, அதற்குரிய கிறீம் பூசினார். பின்னர் பாமசியில் பெற்றாமெதசோன் கிறீம் வாங்கிப் பூசியபோது இரண்டே நாளில் குணம் தெரிந்தது, விட்டால் திரும்பியது, ஆகவே விடாமலே பூசினார். வெள்ளவத்தையில் இருக்கும் மகளின் வீட்டில் மூன்று வாரம் தங்கியபோது எந்தப் பூச்சும் இன்றியே பெருமளவு ஆறியிருக்கின்றது. ஊருக்குத் திரும்பி இரண்டாம் நாளே முகம் வீங்கியிருக்கின்றது. கொழும்புத் தண்ணீர் தனக்கு ஒத்துப்போகின்றது என்பது அவருடைய முடிவு. உண்மையில் ஒத்துப்போனது தண்ணீர் அல்ல, பார்த்தீனியம் இல்லாத காற்று.

அவரைப் பரிசோதித்தபோது நான் முதலில் பார்த்த இடங்கள் மூன்று: மேல் கண்மடல், காதின் பின்புறம், நாடிக்குக் கீழே உள்ள நிழலான பகுதி. வெயிலால் வரும் தோலழற்சி நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்தின் முன்புறம் ஆகிய வெளிச்சம் படும் இடங்களைத் தாக்கி, இந்த மூன்று இடங்களையும் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றிலே வரும் தூசிக்கு வெளிச்சமும் நிழலும் ஒன்றுதான். அது மடிப்புகளுக்குள் புகுந்து, வியர்வையோடு கலந்து, அங்கேயே தங்கிவிடும். அவருக்கு மூன்று இடங்களும் தடித்திருந்தன. முழங்கையின் உள்மடிப்பும் அப்படியே. சட்டை மூடியிருந்த முதுகு சுத்தமாக இருந்தது. ஆயினும் இந்த அடையாளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நோய் பல வருடங்கள் நீடித்தவர்களிற் சிலருக்குத் தோல் வெயிலையும் தாங்காததாக மாறிவிடும். அப்போது இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கண்ணால் மட்டும் பிரித்தறிய முடியாமல் போகும்.

உறுதிப்படுத்துவதற்கு ஒட்டுப் பரிசோதனை செய்கின்றோம். செடியின் சாற்றை உரிய அளவில் ஐதாக்கி, சிறு கிண்ணங்களில் வைத்து, முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து அகற்றிப் பார்ப்போம். நான்காம் நாளளவில் மீண்டும் பார்ப்போம். அவ்வளவு நாளும் முதுகை நனைக்கக் கூடாது. அவருக்கு இரண்டாம் நாள் இலேசான சிவப்பாக இருந்த இடம், நான்காம் நாள் சிறு கொப்புளங்களுடன் தடித்திருந்தது. நோய் உக்கிரமாக இருக்கும்போதும், பிரெட்னிசலோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதும் இந்தப் பரிசோதனையின் முடிவை நம்ப முடியாது என்பதால், முதலில் தோலை ஆற்றிவிட்டுத்தான் செய்தோம். இலையைக் கசக்கிக் கையில் தேய்த்து நீங்களாகவே சோதித்துப் பார்க்க வேண்டாம். ஐதாக்காத சாறு தோலைப் புண்ணாக்கும்; இதுவரை ஒவ்வாமை இல்லாதவருக்கும் அதைத் தொடக்கிவிடலாம்.

சிகிச்சையில் மிகவும் சங்கடமான இடம் கண்மடல்தான். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் அங்கே இருக்கின்றது. பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற வீரியமான ஸ்டீரொய்ட் கிறீம்களை மாதக்கணக்கில் அங்கே பூசினால் தோல் மேலும் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும்; கண்ணின் உள்ளழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம். ஆகவே அவரைக் கண் வைத்தியரிடமும் அனுப்பினேன். கண்மடலுக்கு வீரியம் குறைந்த ஹைட்ரோகோட்டிசோனைச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்து, பின்னர் ஸ்டீரொய்ட் அல்லாத டக்ரோலிமஸ் களிம்புக்கு மாற்றினோம். அந்தக் களிம்பு முதற் சில நாட்கள் எரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பலர் இரண்டாம் நாளே எறிந்துவிடுகின்றார்கள்.

வீக்கத்தை அடக்கக் குறுகிய காலத்துக்குப் பிரெட்னிசலோன் மாத்திரை தேவைப்பட்டது. அந்த மாத்திரை தரும் நிவாரணம் மிக விரைவானது என்பதனாலேயே அது ஆபத்தானது. பழைய மருந்துத் துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கிக் குடித்து, நீரிழிவையும் எலும்புத் தேய்வையும் சேர்த்துக்கொண்டு வருபவர்கள் இருக்கின்றார்கள். ஊரைவிட்டுப் போக முடியாத, நோய் நீங்காமல் நிலைத்துவிட்ட ஒருவருக்கு அசதயோபிரின் என்னும் மாத்திரை நீண்டகாலத்துக்குப் பயன்படுகின்றது. அதன் பலன் தெரியப் பல வாரங்கள் செல்லும். வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் ஈரலின் நிலையையும் அறிய, குறித்த நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். யூரிக் அமிலத்துக்காக அலோபியூரினோல் குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையலாம்.

மூன்றாம் மாதம் வந்தபோது அவருடைய கண்மடல் பெரும்பாலும் சாதாரணமாக இருந்தது. நான்காம் மாதம் மறுபடியும் வீங்கிய முகத்துடன் வந்தார். செடி எதையும் தொடவில்லை என்று உறுதியாகச் சொன்னார், அது உண்மையும்கூட. துருவிக் கேட்டபோது, இரண்டு நாளைக்கு முன்னர் பக்கத்துக் காணிக்காரர் பிடுங்கிக் காயவிட்ட களையைக் குவியலாக இழுத்துக் கொளுத்தியதும், காற்று இவருடைய வீட்டுப் பக்கம் அடித்ததும் தெரிய வந்தது. காய்ந்த குவியலைக் கிளறும் தூசியும் எரியும் புகையும் இந்த நோயாளிகளுக்கு மிகவும் கெட்டவை.

எனவே செடியைப் பூக்கு முன்னரே, மழை பெய்து நிலம் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்குவதே நல்லது. ஈரத்தில் தூசி எழாது. வேரும் அறாமல் வரும். கையுறை, நீண்ட கைச் சட்டை, முகத்தையும் கழுத்தையும் மூடும் துணி ஆகியவை வேண்டும். துணியை ஒவ்வொரு நாளும் தோய்க்க வேண்டும். நேற்றைய தூசி படிந்த துவாயை இன்று கழுத்தில் சுற்றுவது, மூடாமல் விடுவதை விடக் கேடானது. பூக்காத செடிகளைக் குழியில் இட்டு மக்க வைக்கலாம். வேலை முடிந்ததும் முகம் துடைப்பதற்கு முன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பின்னர் குளித்து, வேலை உடுப்பை வேறாகத் தோய்க்க வேண்டும். இல்லாவிடில் தோய்க்கும் மனைவிக்கும் நோய் வரலாம். நோய் ஏற்கனவே உள்ளவரை, எவ்வளவு மூடிக்கட்டினாலும், களை பிடுங்க அனுப்பக் கூடாது. அந்த வேலையை வீட்டில் வேறொருவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று: பார்த்தீனியத்தின் சூரியகாந்திக் குடும்பத்திலேயே செவ்வந்தியும் இருக்கின்றது. ஒவ்வாமை வந்தவர்களிற் சிலருக்குக் கோயிலுக்கு மாலை கட்டும்போது அந்தப் பூவும் விரல்களில் அரிப்பைத் தரும். அப்படி நேர்ந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அடுத்த ஒட்டுப் பரிசோதனையில் அதையும் சேர்த்துப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.