பெங்களூரில் வேலையா? சம்மதம் சொல்வதற்கு முன் தங்குமிடத்தைப் பற்றிக் கேளுங்கள்

வணக்கம் மக்களே. திருநெல்வேலியில் இருக்கிற என் சித்தி பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. கைக்கு 60,000 ரூபாய் வரும். "வீட்டுக்கு என்னடா வழி?" என்று கேட்டேன். அவன் அதை யோசிக்கவே இல்லை. சரி, உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம்.

வாடகை 22,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாத அட்வான்ஸ் 1,10,000. பத்து மாதம் கேட்கிற ஓனர்களும் உண்டு. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, எல்லாம் சேர்த்தால் 1,54,000. இது சம்பளம் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டிய பணம். அவன் சேருவதோ 23ஆம் தேதி. பல கம்பெனிகளில் 20ஆம் தேதி வாக்கிலேயே அந்த மாதச் சம்பளக் கணக்கை முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் சேர்ந்தால் அடுத்த மாதக் கடைசியில்தான் முதல் சம்பளம். ஜாயினிங் போனஸும் பெரும்பாலும் அதோடுதான் வரும், அதை நம்பி அட்வான்ஸ் கொடுக்க முடியாது.

அதனால் ஆஃபர் வந்த பிறகு, சம்மதம் சொல்வதற்கு முன்னால் கேட்கச் சொன்னேன். கன்சல்டன்சி ஆள் "எல்லாம் பண்ணித் தருவாங்க" என்றார். அவர் கையில் எதுவும் இல்லை. முடிவு சொல்ல வேண்டியது கம்பெனியின் எச்.ஆர். அவருக்கே மெயில் போட்டான்: "வெளியூரிலிருந்து வருகிறேன். கெஸ்ட் ஹவுஸ் எத்தனை நாள்? வீட்டு அட்வான்ஸுக்குச் சம்பள முன்பணம் கிடைக்குமா?"

"14 நாள் கெஸ்ட் ஹவுஸ் உண்டு" என்று பதில் வந்தது. இந்த இடத்தில்தான் பலரும் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எந்த நாளிலிருந்து 14 என்று மறுபடி கேட்கச் சொன்னேன். சேருகிற நாளிலிருந்தாம். அவன் சனிக்கிழமை காலையில் போய் இறங்குகிறான், திங்கட்கிழமை சேருகிறான். இரண்டு ராத்திரிக்கு இடமில்லை. அதைச் சொன்னதும் சனிக்கிழமையிலிருந்தே தருகிறோம் என்றார்கள். ரூமில் இன்னொருவரும் இருப்பார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குடும்பத்தோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

முன்பணமாக ஒரு மாதச் சம்பளம் தருவார்கள், மூன்று தவணையில் பிடித்துக்கொள்வார்கள். ரீலொகேஷன் பணம் 30,000, ஆனால் பில் கொடுத்தால்தான். புரோக்கர்கள் பலர் பில் தருவதில்லை. புரோக்கர் கமிஷன் இதில் சேருமா, கையெழுத்துப் போட்ட ரசீது போதுமா என்று கேட்டு வைத்துக்கொண்டான். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் அந்த 30,000-ஐத் திருப்பித் தர வேண்டும் என்று ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருக்கிறது, அதையும் படித்தோம்.

கெஸ்ட் ஹவுஸ், முன்பணம் இரண்டும் லெட்டரில் இல்லை. எச்.ஆர் அனுப்பிய மெயிலைப் பிரிண்ட் எடுத்து, சேருகிற அன்றைக்குக் கொண்டுபோகிற ஃபைலில் வைத்திருக்கிறான்.